பேட்டரிக்குள் இருப்பது மின்சாரம் அன்று

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அறிவியல் மன்றத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேட்டரிக்குள் மின்சாரம் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்றும், தொட்டித் தண்ணீர் குழாய் வழியே வடிவதுபோல அது கம்பி வழியே வடிந்து தீர்ந்துபோகிறது என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணம் ஏன் நிற்காது என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம்.

ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், கம்பியைக் கடக்கும் மின்னூட்டம் 3600 கூலூம். பெரிய டார்ச் செல் ஒன்று இதைப்போலப் பல மடங்கு தரக்கூடியது. ஆனால் ஒரே ஒரு கூலூம் மின்னூட்டத்தை ஓரிடத்திலும், இன்னொரு கூலூமை ஒரு மீட்டர் தள்ளியும் வைத்தால், அவற்றுக்கிடையிலான விசை ஏறத்தாழ 900 கோடி நியூட்டன் என்று கூலூம் விதி சொல்கிறது. ஆயிரக்கணக்கான கூலூம்களை ஒரு தகரக் குப்பியில் திணித்து வைப்பது நடக்காத காரியம். உண்மையில் எதிர்முனையிலிருந்து எத்தனை எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றனவோ, அத்தனை எலக்ட்ரான்கள் அதே நேரத்தில் நேர்முனை வழியே உள்ளே திரும்புகின்றன. ஆகவே, புதிய செல்லிலும் தீர்ந்துபோன செல்லிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றுதான்.

அப்படியானால் தீர்ந்துபோவது எது? சாதாரண டார்ச் செல்லின் வெளிக்கூடே துத்தநாகத்தால் ஆனது, அதுவே எதிர்முனை. நடுவில் கார்பன் தண்டும், அதைச் சுற்றி மாங்கனீஸ் டை ஆக்சைடும் கார்பன் தூளும் கலந்த கறுப்புக் கலவையும், இரண்டுக்கும் இடையே ஈரமான மின்பகுளிப் பசையும் இருக்கின்றன. ஒவ்வொரு துத்தநாக அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு அயனியாகிப் பசைக்குள் இறங்குகிறது. மறுமுனையில் அந்த எலக்ட்ரான்களை மாங்கனீஸ் டை ஆக்சைடு ஏற்றுக்கொள்கிறது. ஒரு ஆம்பியர்-மணி மின்னோட்டத்துக்குச் சுமார் 1.22 கிராம் துத்தநாகம் கரைகிறது. பழைய செல்லை டார்ச்சுக்குள்ளேயே மறந்து விட்டுவிட்டால் கூட்டில் ஓட்டை விழுந்து பசை கசிவதும் இதனால்தான். ஓட்டை விழுந்த இடத்தில் இருந்த உலோகம் எரிபொருளாகச் செலவாகிவிட்டது.

இப்போது மேசையைப் பாருங்கள். முதல் குவளையில் இருந்த நீல நிற மயில்துத்தக் கரைசலில், அதாவது காப்பர் சல்பேட் கரைசலில், என் பேச்சுக்குச் சற்று முன்பு நண்பர் துத்தநாகத் தூளைப் போட்டார். வெப்பமானி அப்போது 29 டிகிரி காட்டியது. இப்போது 37 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. நீலம் வெளுத்து, அடியில் செம்பழுப்பாகத் தாமிரம் படிந்திருக்கிறது. துத்தநாகம் எலக்ட்ரான்களைத் தாமிர அயனிகளிடம் நேருக்கு நேராகக் கொடுத்துவிட்டதால், வேதி ஆற்றல் முழுவதும் வெப்பமாகிப் போய்விட்டது.

அடுத்துள்ள இரு குவளைகளிலும் நடப்பது அதே வினைதான். ஆனால் துத்தநாகத் தகடு ஒரு குவளையிலும், மயில்துத்தக் கரைசலும் தாமிரத் தகடும் மற்றொன்றிலும் இருப்பதால், எலக்ட்ரான்கள் கம்பியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. அயனிகள் உப்புப் பாலத்தின் வழியே நகர்ந்து மின்னூட்டச் சமநிலையைக் காக்கின்றன. வோல்ட்மீட்டர் 1.1 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறது. 1836-இல் டேனியல் அமைத்த மின்கலத்தின் அடிப்படை இதுவே. வினையின் இரு பாதிகளையும் பிரித்து வைத்து, இடையில் கம்பியைக் கட்டாய வழியாக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பேட்டரி என்று பெயர். எலுமிச்சம்பழத்தில் ஆணியும் தாமிரக் கம்பியும் செருகிச் செய்யும் சோதனையிலும் ஆற்றல் பழத்திலிருந்து வருவதில்லை; ஆணியின் மேலுள்ள துத்தநாகப் பூச்சிலிருந்துதான் வருகிறது. பாராட்டு மட்டும் ஏனோ எலுமிச்சைக்கே போய்ச் சேர்கிறது!

சார்ஜ் ஏற்றுவதும் மின்சாரத்தை ஊற்றி நிரப்புவது அன்று. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயமும், ஈய டை ஆக்சைடும், நீர்த்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் எடுக்க எடுக்க இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது, கரைசலின் ஒப்படர்த்தி 1.25-க்கு மேலிருந்து 1.15 அளவுக்கு இறங்குகிறது. பழுது பார்ப்பவர் ஹைட்ரோமீட்டரை அமிலத்தில் மிதக்கவிட்டு எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லிவிடுவது இதை வைத்துத்தான். அவர் அளப்பது மின்சாரத்தை அன்று, அமிலத்தின் செறிவை. வெளியிலிருந்து மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்தும்போது வினை பின்னோக்கி நடந்து பழைய பொருள்கள் மீண்டும் உருவாகின்றன. டார்ச் செல்லில் வினை அவ்வாறு ஒழுங்காகத் திரும்புவதில்லை. வாயு உண்டாகிக் கூடு வெடிக்கவும் கூடும் என்பதால் அதை ஒருபோதும் சார்ஜரில் பொருத்தக் கூடாது.

குவளைகளை ஐந்து ஐந்து பேராக வந்து பார்க்கலாம். மயில்துத்தக் கரைசலைக் கையால் தொட வேண்டாம். நன்றி, வணக்கம்.