சீகைப்பட்டை: 48 உருப்படி மட்டும். ஆகஸ்ட் 7, ஆடி வெள்ளி, இரவு 7.30 மணிக்கு

இரண்டு சீகை மரத்துப் பட்டையில் எவ்வளவு நூலுக்குச் சாயம் ஏறுமோ, அவ்வளவுதான் நெய்திருக்கிறோம். சேலை 18, சால்வை 30. இவை தீர்ந்தால் இதே நிறம் மறுபடி வராது. அடுத்த மரத்துப் பட்டை வேறு நிறம்தான் கொடுக்கும்.

கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சீகை மரத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்கும் தோல் பதனிடவும் கொண்டுவந்து நட்டது, இன்று புல்வெளியையும் சோலையையும் மூடிக்கொண்டு நிற்கிறது. அதைப் புகழ எங்களுக்கு மனம் வராது. ஆனால் வெட்டிப் போட்ட மரத்தின் பட்டை மழையில் ஊறி வீணாவதைப் பார்க்கவும் மனம் வரவில்லை. இங்கே பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. 1955லிருந்து அதற்கென்றே சட்டம் இருக்கிறது. பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் முறையாக அனுமதி வாங்கி பிப்ரவரியில் இரண்டு மரம் வெட்டினார். கட்டையை அவர் எடுத்துக்கொண்டார், பட்டையை நாங்கள் கேட்டு வாங்கினோம்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் முற்றத்தில் அடுப்பு எரிந்தது. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் நூலை நனைப்போம். பனிமூட்டத்தில் கழி மூன்று நாளானாலும் காயாது, ஈரத்திலேயே கிடந்தால் திட்டுத் திட்டாகிவிடும். முதலில் கடுக்காய்த் தண்ணீர், அடுத்து படிகாரம், அப்புறம் பட்டை கொதித்த சாறு. உரித்து உலர்ந்த பட்டையின் உட்பக்கம் இருக்கும் அந்தச் செம்பழுப்பு அப்படியே நூலில் இறங்கியது.

சாம்பல் நிறம் தனிக் கதை. பழைய லாடம், ஆணி, கருப்பட்டி மூன்றையும் பானையில் ஊறப்போட்டு மூன்று வாரம் வைத்த இரும்புத் தண்ணீரில், பட்டைச் சாறு ஏறிய நூலை முக்கினால் கண்ணெதிரே பழுப்பு கறுத்துச் சாம்பலாகும். பட்டையில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு நிமிடம் கூடினால் கரியாகிவிடும். இரும்பு அதிகமானால் பருத்தி நூலுக்கும் பலம் போய்விடும். அதனால் ஒவ்வொரு கழியையும் எண்ணி எண்ணி முக்கி எடுத்தோம். ஆடி மாதக் காலையில் தேயிலைக்கு மேலே நிற்கும் மூடுபனியின் நிறம் கிடைத்தது. அதற்குப் ‘பனி’ என்று பெயர் வைத்தோம்.

நெசவு மலைக்குக் கீழே, சிறுமுகையில். இரண்டு குழித்தறி, இரண்டு வீடு, மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை. ஒரு சேலைக்கு இரண்டு நாள். சாம்பல் ஊடை தறியில் ஏறியதும் நெய்கிற அக்கா சொன்னது: “இந்த நூலுக்கு நாடாவ மெதுவாத்தான் ஓட்டோணும் கண்ணு, இழுத்தா அறுந்து போயிரும்.” எப்போதும் போகிற வேகத்தில் போகாததால், உருப்படிக் கூலியோடு அந்த நாட்களின் கூலியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். விலையில் அதுவும் அடக்கம். ஆடி மாதம்தான், ஆனால் தள்ளுபடி கிடையாது.

என்னென்ன இருக்கிறது:

பட்டை சேலை, 10. உடல் முழுக்கச் செம்பழுப்பு, சாம்பல் கரை. ரூ.4,850.
பனி சேலை, 8. சாம்பல் உடல், முந்தியில் சாயம் போடாத கோரா நூலில் ஐந்து கோடு. ரூ.4,850.
சால்வை, 30. கோராவும் செம்பழுப்பும் கலந்த கட்டம், இரண்டே கால் மீட்டர் நீளம். ரூ.1,950.

எல்லாம் பருத்தி. ரவிக்கைத் துணி சேலையோடு வராது. இருந்த நூல் அவ்வளவுதான்.

எட்டாம் எண் பனி சேலையை எடுப்பவருக்கு ஒரு வார்த்தை. முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் சற்று அடர்ந்திருக்கும். அங்கேதான் ஒரு கழி தீர்ந்து அடுத்த கழி தொடங்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்த இடத்தைத் தனியாகப் படம் எடுத்துப் போடுகிறோம், பார்த்துவிட்டு எடுங்கள். எனக்கு இந்தச் சேலைதான் ரொம்பப் பிடித்தது.

வாங்குவது எப்படி:

ஒவ்வொரு உருப்படிக்கும் எண் உண்டு: பட்டை 1 முதல் 10, பனி 1 முதல் 8, சால்வை 1 முதல் 30. வியாழக்கிழமை சாயங்காலம் 48இன் படமும் ஸ்டோரியில் வரும், பகல் வெளிச்சத்தில் எடுத்தது, ஃபில்டர் இல்லை. பிடித்ததோடு மாற்றாக இன்னொரு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவு சரியாக 7.30க்குப் பயோவில் இருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரே மெசேஜ் அனுப்புங்கள். உருப்படியின் பெயரும் எண்ணும், உங்கள் பெயர், முழு முகவரி, பின்கோடு. இப்படி: “பனி 3, இல்லாவிட்டால் பனி 5”, கீழே முகவரி. 7.30க்கு முன்னால் வந்தது கணக்கில் வராது, தெரிந்தவர்களுக்கும் இதேதான்.

வந்த வரிசைப்படி பதில் போடுவோம். “உங்களுக்குத்தான்” என்று பதில் வந்தால் கூடவே க்யூஆர் கோடும் வரும். 30 நிமிடத்துக்குள் பணம் அனுப்பி ஸ்க்ரீன்ஷாட் போடுங்கள். தாண்டினால் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இரவு 10 மணிக்குள் எல்லாருக்கும் பதில் வந்துவிடும், இல்லை என்றாலும் இல்லை என்று சொல்லிவிடுவோம். மலையில் மழை பெய்தால் நெட் படுத்துக்கொள்ளும், அதனால் பதில் பத்து நிமிடம் தாமதமானால் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டாம். முதலில் வந்த நேரம்தான் கணக்கு.

கமெண்ட்டிலும் இன்பாக்ஸிலும் தயவுசெய்து புக் செய்யாதீர்கள். போன தடவை மூன்று இடத்திலும் ஆர்டர் எடுத்து, ஒரே சேலையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம். திருவண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா மகளின் சீமந்தத்துக்கென்று கேட்டிருந்தார். அவருக்கு போன் செய்து இல்லை என்று சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது.

ஒருவருக்கு ஒரு சேலை, இரண்டு சால்வை வரை. கேஷ் ஆன் டெலிவரி இல்லை. அனுப்பும் செலவு தமிழ்நாட்டுக்குள் ரூ.90, வெளிமாநிலத்துக்கு ரூ.150. ஆகஸ்ட் 12 முதல் ஸ்பீட் போஸ்ட்டில் கிளம்பும், துணிப் பையில் சுற்றித்தான். நெசவில் கிழிசலோ ஓட்டையோ இருந்தால் கையில் கிடைத்த மூன்று நாளுக்குள் படம் அனுப்புங்கள். துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவோம். மாற்றிக் கொடுக்க வேறு உருப்படி இருக்காது.

துவைப்பது பூந்திக்கொட்டைத் தண்ணீரில், முதல் இரண்டு தடவை தனியாக. நிழலில் உலர்த்துங்கள். பனி சேலை கட்டும்போது எலுமிச்சையும் புளியும் மேலே பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட இடம் வெளுத்துவிடும். பந்தியில் ரசம் பரிமாறும்போது முந்தியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவு 7.30. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

#சீகைப்பட்டை #கைத்தறி #கோத்தகிரி #சிறுமுகை #இயற்கைச்சாயம்