மில்லுக்கடை வீடியோ பற்றி ஒரு விஷயம் கேட்கணும்

5 ஜனவரி 2026
சுங்கை சிப்புட்

வணக்கம் தங்கச்சி,

மில்லுக்கடை அண்ணன்தான். வாய்ஸ் மெசேஜில் பேசினால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் கடையில் எடுத்தீர்களே, அந்த யூடியூப் வீடியோ இன்னும் எல்லோரும் பார்க்கிற மாதிரி Public ஆகத்தான் இருக்கிறதா? போட்ட அன்று இருந்தபடியே இருக்கிறதா, இல்லை நடுவில் எங்காவது வெட்டியிருக்கிறீர்களா? இந்த இரண்டுக்கும் எனக்குப் பதில் வேண்டும்.

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் அம்மா. நேற்று தைப்பிங்கிலிருந்து சித்தி வந்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா பேரனைக் கூப்பிட்டு அந்த வீடியோவைப் போடச் சொல்வார். இருபத்தைந்து வருஷம் தோட்டத்தில் பால் வெட்டிய ஆள், கேமரா முன்னால் நின்று கொத்தமல்லியை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று சொன்னதே அன்றைக்குத்தான். நேற்றும் போட்டார்கள். நான் பேசி முடித்ததும் படம் நேராக அரைக்கிற மெஷினுக்குப் போய்விட்டது. “என் பேச்சு எங்கடா?” என்று அம்மா கேட்கிறார். போனில்தான் கோளாறு என்று நினைத்து என் போனில் போட்டோம், சித்தி போனிலும் போட்டோம். அதிலும் இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் வீடியோவைப் போட்ட 5 அக்டோபர் அன்று குடும்ப குரூப்புக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தேன். அதில் நீளம் 6:40. இப்போது 6:12. இருபத்தெட்டு விநாடி குறைகிறது. மகன் உங்கள் சேனலுக்குள் போய்த் தேடினான், வீடியோ வரிசையில் எங்கள் கடையைக் காணோம். லிங்க்கைத் தட்டினால் மட்டும் திறக்கிறது, தலைப்புக்குக் கீழே Unlisted என்று காட்டுகிறது. அப்படியென்றால் லிங்க் கையில் இருக்கிறவர்கள்தான் பார்க்க முடியும், தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது என்று அவன் சொல்கிறான். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு வருத்தம் என்பது ஒரு பக்கம். அதைவிடச் சிக்கல் ஒன்று வந்துவிட்டது. அந்த வீடியோவில் “டெலிவரிக்குக் காசு கிடையாது” என்று சொல்லிவிட்டு, உடனே “அது ஈப்போ, கோலகங்சார் வரைக்கும்தான், மற்ற ஊருக்குப் போஸ்ட் செலவு தனி” என்றேன். அதற்கடுத்து அம்மா பேசுவார். வெட்டு சரியாக அந்த இடத்தில் விழுந்திருக்கிறது. இப்போது பார்க்கிறவர்களுக்கு “டெலிவரிக்குக் காசு கிடையாது” என்பதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. போன வாரம் ஜொகூர் மாசாயிலிருந்து ஒரு அக்கா பொங்கலுக்கு ஐந்து கிலோ கறித்தூள் கேட்டார். போஸ்ட் காசு பதினெட்டு வெள்ளி என்றதும், “நீங்களே வாயால் சொல்லியிருக்கிறீர்களே தம்பி” என்று வீடியோவை எனக்கே அனுப்பினார். அவர் மேல் தப்பே இல்லை, பார்த்ததைச் சொல்கிறார். பதினெட்டு வெள்ளியை நான் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் எல்லோருக்கும் அப்படிச் செய்ய முடியாது, ஒரு கிலோவில் எனக்கு நிற்கிற லாபம் என்ன என்பது உங்களுக்கே தெரியும், வீடியோவுக்காகக் கணக்கெல்லாம் சொன்னேனே.

எனக்கு ஒரு சந்தேகம். அம்மா பேசும்போது பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நீங்கள் அன்றைக்கே அடைக்கச் சொன்னீர்கள், அது இல்லாமல் அம்மாவுக்குப் பேச்சு வராது என்று நான்தான் விட்டேன். அந்தப் பாட்டுக்கு உரிமைக்காரர்கள் யாராவது யூடியூப்பில் புகார் போட்டு, அதற்காக நீங்கள் அந்தத் துண்டை எடுக்க வேண்டி வந்ததா? அப்படி நடந்திருந்தால் பாதித் தப்பு என்னுடையது, அதை வைத்துச் சண்டை போட மாட்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் நாம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதை மறுபடி எடுத்துப் படித்தேன்: மொத்தம் 750 வெள்ளி, பாதி முன்பணம், மீதி வீடியோ போட்டதும். அடுத்த தீபாவளி வரைக்கும் Public ஆக இருக்கும், ஏதாவது மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்வேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தவணையும் சொன்ன நாளிலேயே உங்களுக்கு வந்துவிட்டது.

பண்டிகை முடிந்துவிட்டது, விளம்பர வீடியோ சேனலில் முன்னால் நிற்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தால் அதையும் நேராகச் சொல்லுங்கள். உங்கள் சேனல், உங்கள் யோசனை. ஆனால் நான் காசு கொடுத்தது ஒரு வருஷத்துக்கு.

புதிதாக ஏற்ற வேண்டாம் தங்கச்சி. புதிதாக ஏற்றினால் லிங்க் மாறிவிடும். பழைய லிங்க்கை கியூஆர் கோடாக்கி முன்னூறு பாக்கெட்டில் ஒட்டி, அதில் பாதி கடைகளுக்கும் போய்விட்டது. அதே லிங்க்கிலேயே முழு வீடியோவும் திரும்பி வருமானால் நல்லது. முடியாது என்றால் இப்போது இருக்கிறதையே Public ஆக்கிவிட்டு, கீழே விவரத்தின் முதல் வரியிலும், பின் செய்த கமெண்ட்டிலும் இதைப் போட்டுவிடுங்கள்:

“இலவச டெலிவரி ஈப்போ, கோலகங்சார் வட்டாரத்துக்கு மட்டும். மற்ற ஊர்களுக்குப் போஸ்ட் செலவு தனி.”

ஆரம்பத்தில் Includes paid promotion என்று வருமே, அதை எடுத்துவிடாதீர்கள். காசு கொடுத்து எடுத்த வீடியோ என்று தெரிவதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த ஸ்டிக்கர் அச்சுக்குப் போகிறது. அதே கோடைப் போடலாமா, வேண்டாமா என்று வியாழக்கிழமை இரவுக்குள் தெரிய வேண்டும். வீடியோ எந்த நிலையில் இருக்கிறது, நீளம் எவ்வளவு என்று உங்கள் ஸ்டூடியோ பக்கத்தில் தெரிவதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலே போதும். எந்தத் தேதியில் வெட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்கு அப்புறம் வந்த ஆர்டர்களில் வேறு யாருக்காவது இந்தக் குழப்பம் வந்ததா என்று பில் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், வெட்டாத பழைய ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் அம்மா பேசுகிற துண்டை மட்டும் தனியாக அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மங்கிப்போகிறது, டாக்குமெண்டாக அனுப்புங்கள். ரேடியோ சத்தம் இருந்தால் பரவாயில்லை, அது எங்கள் வீட்டுக்குள்தானே ஓடப்போகிறது.

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். போன தடவை கேட்ட மீன் கறித்தூள் இரண்டு பாக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மில்லுக்கடை அண்ணன்