ஒப்படைப்பு 2: வகுப்பறைச் சம்பவங்களை அறிவு வளர்ச்சி நிலைகளோடு பொருத்துதல்

கொடுத்திருக்கும் ஐந்து சம்பவங்களிலும் குழந்தையின் வயது இருக்கிறது. புலன் இயக்க நிலை 0–2 வயது, செயலுக்கு முற்பட்ட நிலை 2–7, பருப்பொருள் செயல்பாட்டு நிலை 7–11, முறையான செயல்பாட்டு நிலை 11-க்கு மேல் என்ற, உளவியலாளர் பியாஜேயின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் பொருத்தி முடித்துவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. பாரிஸில் சிறுவர்களுக்கான நுண்ணறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் இருந்தபோதுதான், தவறான விடைகளிலும் ஓர் ஒழுங்கு இருப்பதை பியாஜே கவனித்தார். அதனால் குழந்தை என்ன சொன்னது என்பதோடு ஏன் அப்படிச் சொன்னது என்பதையும் பார்த்துத்தான் பொருத்தியிருக்கிறேன், வயதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

சம்பவம் 1. பத்து மாதக் குழந்தை. கிலுகிலுப்பையை நீலத் துணிக்கு அடியில் ஒளித்தால் எடுத்துவிடுகிறது. அப்புறம் அதன் கண்ணெதிரிலேயே சிவப்புத் துணிக்கு அடியில் வைத்தாலும் நீலத் துணியைத்தான் தூக்குகிறது. இது புலன் இயக்க நிலை; அதன் ஆறு உட்பிரிவுகளில் நான்காவது. மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் தேடியே இருக்காது. ஆனால் அந்தப் பொருள் இன்னும் தான் முன்பு செய்த செயலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது பொருள் நிலைத்தன்மை பாதிதான் வந்திருக்கிறது.

சம்பவம் 2-இல் நான்கு வயதுக் குழந்தை படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் ஆசிரியரிடம் "பாருங்க டீச்சர்" என்கிறது, காலில் இடித்த நாற்காலியைத் திட்டுகிறது. இது செயலுக்கு முற்பட்ட நிலை. முதலாவது தன்மையப் பார்வை (சுயநலம் என்று எழுதிவிடக் கூடாது, அடுத்தவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும் என்பதே அதற்கு இன்னும் தோன்றவில்லை), இரண்டாவது உயிரற்றதை உயிருள்ளதாக நினைப்பது.

சம்பவம் 3-இல்தான் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டேன். ஆறரை வயதுச் சிறுமி. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஒன்றிலிருந்து தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றிய பிறகும் "ரெண்டும் ஒரே அளவு" என்கிறாள். சரியான விடை, ஆகவே பருப்பொருள் செயல்பாட்டு நிலை என்று எழுதத்தான் கை போனது. ஆனால் ஏன் என்று கேட்டதும் "அவன் அப்படித்தான் சொன்னான்" என்று பக்கத்துப் பையனைக் காட்டுகிறாள், அதே தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றியதும் "இப்ப குறைஞ்சுபோச்சு" என்கிறாள். தண்ணீரின் உயரம் ஒன்றையே பார்க்கிறாள், அகலம் அதை ஈடுகட்டுவதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. விடை இரவல், சிந்தனை இன்னும் செயலுக்கு முற்பட்ட நிலையில்தான். ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன்: பெரியவர் பொருளை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதல் விடை தப்போ என்று குழந்தை நினைக்கலாம். உளவியலாளர்கள் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், வில்லைகளின் வரிசையைப் பெரியவருக்குப் பதில் ஒரு கரடி பொம்மை "கலைத்தபோது" நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் நிறையப் பேர் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். இந்தச் சிறுமியிடம் காரணமும் கேட்டிருப்பதால்தான் துணிந்து பொருத்துகிறேன்.

சம்பவம் 4. ஒன்பது வயதுப் பையன், களிமண் உருண்டையை நீளமாக உருட்டியதும், "திரும்ப உருட்டினா பழைய உருண்டைதானே" என்கிறான். செய்த மாற்றத்தை மனதிலேயே திருப்பிப் பார்க்கும் மீள்தன்மையை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. இது பருப்பொருள் செயல்பாட்டு நிலை. அதையே தண்ணீரில் போட்டால் நீளமானதுதான் தண்ணீரை அதிகம் உயர்த்தும் என்று தவறாகச் சொல்கிறானே என்றால், அது முரண்பாடில்லை. பொருளின் அளவு, எடை, கன அளவு ஆகியவை மாறாது என்ற புரிதல் ஒரே நாளில் வருவதில்லை, கன அளவு பெரும்பாலும் 11, 12 வயதில்தான் வருகிறது.

சம்பவம் 5. பதின்மூன்று வயது மாணவர்கள் இருவர், ஊசல் எதனால் வேகமாக ஆடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாணவன் கயிற்றைக் குறைத்து, கூடவே குண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டு "எடை குறைந்ததால்தான்" என்று முடித்துவிடுகிறான். அடுத்தவள் முதலில் என்னென்ன காரணமாக இருக்கலாம் என்று எழுதிக்கொள்கிறாள்: நீளம், எடை, விடும் உயரம், தள்ளும் வேகம். பிறகு மற்றவற்றை அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றி, நீளம்தான் என்று வருகிறாள். இவள் முறையான செயல்பாட்டு நிலை. நடக்காத சாத்தியங்களையும் மனதில் வைத்துக் கருதுகோளைச் சோதிக்கிறாள். விடை சரியானது என்பதற்காக அல்ல, வந்த வழிக்காக. அவனோ கண்ணில் பட்ட மாற்றத்தைத்தான் காரணமாக்குகிறான், பருப்பொருள் நிலை. எங்கள் குழுவில் இருவரையும் வயதைப் பார்த்து ஒரே நிலையில் போட்டார்கள், எனக்கு உடன்பாடில்லை. விடைத்தாளில் இந்தச் சம்பவத்துக்கு ஒரே கட்டம்தான் விட்டிருந்தது, அதற்குள்ளேயே கோடு போட்டு இரண்டு நிலைகளை எழுதியிருக்கிறேன்.