நாலாவது சிப்பம்

வெள்ளகோயில் பக்கம் ஒரு மாசி முகூர்த்தம். பேசுனது 750 இலை, அதுக்கு 25 கிலோ சிப்பம் நாலு, பொண்ணு ஊட்டுக்காரங்க வயல்ல தை மாசம் அறுத்த நெல்லு, சுடச்சுட ஆட்டிக் கொண்டாந்து எறக்கிட்டாங்க. புது அரிசி பொங்காது, சோறு காணாதுன்னு சமையல் மாஸ்டர் செல்வண்ணனுக்குத் தெரியும், ஆனா சொந்த வயல் அரிசின்னு பெருமையா சொல்றவங்ககிட்ட என்னத்த பேசறது.

ரெண்டு பந்தி எந்திரிச்சுது. அண்டாவ எட்டிப் பாத்தா அடி தெரியுது. மூணு சிப்பம் காலி, சாப்புட்டது 500 பேரு, அப்ப ஆளுக்கு 150 கிராம். நாலாவது சிப்பம் உலைல வெந்துட்டு இருக்கு. சரி 250 பேரு தானேன்னு பாத்தா, தாராபுரத்துல இருந்து ரெண்டு பஸ்ஸு வந்து நிக்குது, எச்சா ஒரு நூறு.

350 பேருக்கு 52 கிலோவுக்கு மேல வேணும். கைல 25.

"ஏனுங் மாஸ்டர், அடுத்த பந்தி உக்காத்தலாங்களா?" பொண்ணோட சித்தப்பா வந்து நின்னாரு.

"ஆகுதுங், எலைய போடச் சொல்லுங்."

அவரு அக்கட்ட போனதும் பையன கூப்புட்டு காச குடுத்தாரு. "கண்ணு, கடைவீதில பழைய அரிசியா பாத்து ஒரு சிப்பம் வெரசா." வண்டில ஒண்ணு தான் வரும். கடை சிப்பம் இப்ப 26 கிலோ, 25ஐ தாண்டுனா வரி இல்லையாமா, நமக்கு ஒரு கிலோ லாபம். கூட்டுனா 51. அப்பவும் இடிக்குது.

நேரா பின்னாடி எலை கொட்டற எடத்துக்கு போனாரு. குனிஞ்சு நாலஞ்சு எலைய பிரிச்சுப் பாத்தாரு. எல்லாத்துலயும் ஒரு கைப்பிடி சோறு, ரசம் ஊத்தி பெனஞ்சு அப்பிடியே மடிச்சு வெச்சது. பரிமாறற பசங்க முத தடவையே மலையாட்ட குமிச்சுட்டு போயிருக்கானுக, திரும்பி வர சோம்பேறித்தனம். எலைக்கு 20 கிராம் அரிசி இங்க கெடக்குது. அப்ப திங்கறது 130 தான், 350 பேருக்கு 45 கிலோ சொச்சம். போதும்.

"முத தடவ ஒரு கரண்டி, அதுக்கு மேல போட்டீனா கூலி கெடையாது. கேக்க கேக்க போடு, மூணு தடவ வேணாலும் போ."

இனி நேரந்தான். வேகற சோறு சாம்பாருக்குத் தாங்கும், ரசத்துக்குள்ள அடுத்தது வந்தாகோணும். அரிசி வரட்டும்னு நிக்காம ரெண்டு அண்டால உலை வெச்சு தண்ணி தளதளன்னு கொதிக்க விட்டுட்டாரு. பையன் வந்து எறங்கவும் களைஞ்சு நேரா உள்ள கொட்டியாச்சு. பந்தில வத்தக்கொழம்ப வேணும்னே ஒரு சுத்து எச்சா உட்டாங்க. கடைசி வரிசைக்கு ரசம் ஊத்தறதுக்குள்ள ஆவியோட சோறு வந்துருச்சு.

மூணு மணிக்கு சித்தப்பா அண்டாவ எட்டிப் பாத்தாரு. அடில நாலு கிலோ சோறு கெடந்துது.

"ஏனுங் மாஸ்டர், எச்சா பொங்கிட்டீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்," ன்னாரு செல்வண்ணன். "ஒரு சிப்பம் காசு கணக்குல சேத்திருக்கறேனுங், பாத்துக்கங்."