தாமதம் ஏற்பட்டது

கண்காணிப்பாளர் சார் அந்த ஆறு தாளையும் என் மேஜையில் வைத்தபோது மாலை ஐந்தே முக்கால்.

"காலைல பத்து மணிக்கெல்லாம் வேணும். படிச்சுப் பாரு, தப்பு இருந்தா எடுத்துடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழக்கமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகிறவர், அன்று யாரையும் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் கரண்ட் இல்லை. 2012 ஜனவரி 30. தானே புயல் கடலூரை அடித்துப் போட்டுச் சரியாக ஒரு மாதம். டவுனில் கம்பங்களை நட்டு லைன் கொடுத்துவிட்டார்கள்தான், ஆனாலும் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தேன். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் அம்மாவும் இருந்தோம். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்.

சாப்பிட்டுவிட்டு மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். பால்பாயின்ட் பேனாவை அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் கிழிந்தே இருந்தது. 'அநியாயம்' என்ற சொல் அது.

விஷயம் இதுதான். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். புயலில் குடிசை இழந்தவர்கள் பட்டியல் எங்கள் பிரிவு வழியாகத்தான் மேலே போக வேண்டும். முதல் பட்டியலில் அந்த ஊரின் காலனி விட்டுப்போயிற்று. வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததில் கணக்கெடுக்கப் போனவர்கள் காலனி வரை போகவே இல்லை. அப்புறம் 41 குடும்பத்துக்குத் துணைப் பட்டியல் தயாராகி வந்தது. அது தாமதமாகத்தான் மேல் அலுவலகத்துக்குப் போனது. ஏன் தாமதம் என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டு சாருக்குக் குறிப்பாணை. அதற்குப் பதில்தான் இந்த ஆறு பக்கம்.

முதல் பக்கம் முழுக்க சாரின் சர்வீஸ். 32 ஆண்டுகளில் ஒரு குறிப்பாணைகூட வாங்கியதில்லை, சுனாமி சமயத்தில் பதினொரு நாள் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்தேன், ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது இந்த அவமானம். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. பென்சிலை எடுத்தேன், வைத்தேன். ஒரு மனிதர் தன் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார். அதை அடிக்க நான் யார்?

அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் பக்கம் போனேன். 'மின்விசிறிக்குக் கீழே அமர்ந்துகொண்டு கேள்வி கேட்பது எளிது.' இது சுலபம். ஒரே கோடு. 'களம் என்றால் என்னவென்று அறியாதவர்கள்.' இன்னொரு கோடு. இப்படி எட்டு வரி போயிற்று. அவற்றை அடிக்கும்போது கை நடுங்கவில்லை. கையெழுத்து சாருடையது, அடியும் அவருக்குத்தான் விழும்.

மூன்றாம் பக்கத்தில் தலையாரி வந்தார். இப்போது கிராம உதவியாளர் என்று பெயர், ஆனால் எல்லோருக்கும் தலையாரிதான். பட்டியலைக் கொண்டுவர அவர் இரண்டு நாள் தாமதித்தார் என்று சார் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே, 'எந்த நிலையில் கிடந்தாரோ தெரியாது' என்று ஒரு வரி.

அந்தத் தலையாரியை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தவரே அவர்தான். ஜனவரி 11, புதன்கிழமை, மத்தியானம். உரச்சாக்கை வெட்டிப் பை மாதிரி தைத்து அதற்குள் தாளை வைத்திருந்தார். "நனையக் கூடாதுல்லம்மா" என்றார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிராய்ப்பு. மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் போட்டு வந்ததாகச் சொன்னார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் வீட்டுக் கூரை இருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது வரை அது உறுத்துகிறது.

அந்தப் பத்தியை முழுவதுமாக எடுத்தேன். கீழே ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால் மேலே இருப்பவர் தப்பித்துக்கொள்ளலாம் என்பது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். நான் எழுதும் தாளில் அது நடக்க வேண்டாம்.

நான்காம் பக்கத்தைப் புரட்டியதும் நான் இருந்தேன்.

'இப்பிரிவின் இளநிலை உதவியாளர் பொறுப்பற்றவர். கோப்பு நடைமுறை அறியாதவர். வரப்பெற்ற பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஏழு நாட்கள் நிலுவையில் வைத்திருந்தார்.'

விளக்கின் திரியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தேன். மூன்று வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. தலையாரி தந்ததை வாங்கினேன். மேலே அதே ஊர்ப் பெயர், அதே தலைப்பு. முதல் பட்டியலின் இன்னொரு பிரதி என்று நினைத்துத் தட்டில் போட்டேன். இரண்டாம் தாளைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அப்புறம் பொங்கல் லீவு வந்துவிட்டது. 18ஆம் தேதி புதன்கிழமை தட்டை ஒழிக்கும்போதுதான் பார்த்தேன். அன்றே அனுப்பினோம்.

இந்த மூன்று வரியையும் அடித்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தப்பு இருந்தால் எடுக்கச் சொன்னவர் அவர்தானே. எட்டு வரி எடுத்தாயிற்று, ஒரு பத்தி எடுத்தாயிற்று. இதையும் சேர்த்து எடுத்தால் வித்தியாசம் தெரியாது.

எடுக்காமலே மறைக்கவும் நம் அலுவலகத் தமிழில் வழி இருக்கிறது. எட்டு மாதத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: '11.01.2012 அன்று வரப்பெற்ற பட்டியல், பொங்கல் விடுமுறை மற்றும் நிர்வாகக் காரணங்களால் அனுப்பிவைப்பதில் தாமதம் ஏற்பட்டது.' எவ்வளவு அழகாக உட்கார்ந்துகொள்கிறது! தாமதம் ஏற்பட்டது. மழை பெய்தது, காற்று அடித்தது என்பது போல. யாரும் செய்யவில்லை, அதுவாகவே வந்து ஏற்பட்டுவிட்டது.

அம்மா தூங்காமல் படுத்திருந்தாள். "ஏண்டி, மணி ஒண்ணாவுது. என்னதான் எழுதுற?"

சொன்னேன். முழுவதையும் வாசித்தும் காட்டினேன், என் வரிகள் உட்பட. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும், "சரி, அந்த ஜனங்களுக்குப் பணம் வந்துச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா. அதான்..."

"அத எந்த எடத்துல எழுதியிருக்காரு?"

ஆறு பக்கத்தையும் திரும்பத் தேடினேன். எங்கும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது. 'தை மாதப் பனியில் 41 குடும்பங்கள் தார்ப்பாய்கூட இல்லாமல் படுத்திருக்க, இவ்வலுவலகத்திடம் விளக்கம் கேட்கப்படுகிறது.' அதுவும் சண்டைக்காக எழுதியதுதான். அவர்களுக்கு உதவித்தொகையை ஒப்பளியுங்கள் என்று ஆறு பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அம்மா புரண்டு படுத்துவிட்டாள். நான் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் சாரின் 32 ஆண்டுகளை அடித்தேன். மெல்லிசாகத்தான் அடித்தேன், கீழே உள்ளது படிக்கும்படியாக. என் மூன்று வரியில் முதல் இரண்டையும் எடுத்தேன். மூன்றாவதை வைத்துக்கொண்டேன். 'தாமதம் ஏற்பட்டது' எழுதிய தாளைக் கசக்கிப் போட்டேன். பிறகு புதுத் தாளில் முழுவதையும் எழுதினேன். முடிக்கும்போது கோயிலில் மணி அடித்துவிட்டது.

காலையில் சார் வரும்போதே நான் அவர் மேஜை முன்னால் நின்றேன். அவருடைய ஆறு தாளையும், என்னுடைய ஒரே தாளையும் வைத்தேன். ஒரு தாளைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'முதற்கட்டக் கணக்கெடுப்பின்போது சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் காலனிப் பகுதிக்குச் செல்ல இயலவில்லை. துணைப் பட்டியல் 11.01.2012 அன்று கிராம உதவியாளர் மூலம் நேரில் கிடைத்தது. இப்பிரிவின் இளநிலை உதவியாளர் அதனை முந்தைய பட்டியலின் பிரதி எனக் கருதி, பிரித்துப் பார்க்காமல் 18.01.2012 வரை நிலுவையில் வைத்திருந்தார். அன்றே அனுப்பிவைக்கப்பட்டது. தற்போது தை மாதப் பனியில் 41 குடும்பங்கள் கூரையின்றி உள்ளன. தாமதத்துக்கான விளக்கத்தின் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்குக் காத்திராமல், மேற்படி குடும்பங்களுக்கான உதவித்தொகையை உடனடியாக ஒப்பளிக்க வேண்டுகிறேன்.'

"சுனாமிய ஏன் எடுத்த?"

"அவங்க அதைப் பத்தி கேக்கல சார்."

"தலையாரி?"

"அவரு சைக்கிளத் தூக்கிக்கிட்டு வந்தாரு சார். நான் பாத்தேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். மின்விசிறி ஓடவில்லை. வெளியே யாரோ விறகு மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. ஒரு மாதமாக எந்நேரமும் கேட்கும் சத்தம்தான்.

"இத ஏம்மா விட்டு வச்சிருக்க?" என் வரிக்கு அடியில் விரலை வைத்திருந்தார். "நான் கோவத்துல எழுதினது. எடுத்திருக்கலாமே?"

"நடந்ததுதானே சார்."

எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, உள்ளுக்குள் வேண்டிக்கொண்டும் இருந்தேன். அவர் எடுக்கவில்லை. அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருந்த சந்தில், அந்த அழுத்தமான கையெழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதினார்.

'தட்டுகளை வாரந்தோறும் பார்வையிட வேண்டிய நான் அதைச் செய்யவில்லை.'

ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். தன்னுடைய ஆறு தாளையும் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டைப் அடிக்கக் கரண்டுக்குக் காத்திருக்காத. கையாலேயே நல்லா எழுதிக் குடு. பதினொரு மணித் தபால்ல போயிடணும்."