தலவாக்கலையில் நமது புதிய கிளை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம்

மலைத்தென்றல் ஸ்டோர்ஸ்
பிரதான வீதி, அட்டன்
2026 ஆகஸ்ட் 1

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஆகஸ்ட் 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30 மணிக்கு தலவாக்கலையில் நமது கடையின் கிளையைத் திறக்கிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், இடது பக்கம், பச்சைக் கதவு போட்ட கடை. பால் காய்ச்சி, சாமி கும்பிட்டு, அன்றைக்கே வியாபாரத்தையும் தொடங்குகிறோம். தோட்டத்தில் வேலை இல்லாத நாளாக இருக்கட்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அட்டன் கடையை மூடவில்லை. டவுனில் அப்படி ஒரு பேச்சு இருப்பதாகச் சிலர் என்னிடமே கேட்டார்கள். அந்தக் கடை அதே இடத்தில், அதே நேரத்துக்கு, எப்போதும் போல் திறந்திருக்கும். நானும் கிழமையில் நான்கு நாள் அட்டனில்தான் இருப்பேன். தலவாக்கலையை என் தம்பி பார்த்துக்கொள்வார். பெரிய தராசில் நிற்கும் ராசு அண்ணனும் அவரோடு போகிறார். அவர் கையால் நிறுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்.

ஏன் தலவாக்கலை? லிந்துலை, ஹோல்புரூக், அக்கரப்பத்தனை, வட்டகொடை பக்கத்திலிருந்து பல வருடமாக நம்மிடம் வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. சம்பளம் போட்டதும் தலவாக்கலைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து கொட்டகலை வழியாக அட்டனுக்கு வருவார்கள். பத்துக் கிலோ கோதுமை மா, பருப்பு, சீனி, தேங்காய், கருவாடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு திரும்பவும் இரண்டு பஸ். மழைக்காலத்தில் மா மூட்டையை நனையாமல் லயத்துக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். வழியில் எத்தனையோ கடைகள் இருக்க, அவற்றைத் தாண்டி நம்மைத் தேடி வருகிறவர்களை அப்படியே அலைய விடுவது நியாயமில்லை. இது நாங்கள் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்று அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அப்பா 1987இல் அட்டனில் ஒரு சின்ன அறையில் இந்தக் கடையைத் தொடங்கினார். அப்போதிருந்தே கணக்குக் கொப்பி உண்டு. புதுக் கிளை என்றதும் அதிகம் பேர் கேட்டது இந்தக் கொப்பியைப் பற்றித்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கொப்பி தொடரும். தலவாக்கலையில் சாமான் எடுக்க விரும்புகிறவர்கள், இந்த மாதச் சம்பளத்துக்குப் பிறகு அட்டன் கடைக்கு வரும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவரை உள்ள கணக்கை உங்கள் முன்னாலேயே கூட்டி, உங்களிடம் உள்ள கொப்பியிலும் எங்களிடம் உள்ள பேரேட்டிலும் ஒரே தொகையை எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்துத் தலவாக்கலைக்கு மாற்றிவிடுவோம். பாக்கியை முழுவதும் கட்டினால்தான் மாற்றலாம் என்ற நிபந்தனை கிடையாது. வட்டியும் கிடையாது, இதுவரை வாங்கியதில்லை, இனியும் வாங்க மாட்டோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கொப்பி, அது ஒரு கடையில்தான் இருக்கும். இரண்டு இடத்திலும் எழுதினால் கணக்குக் குழம்பி மனத்தாங்கல் வரும். ரொக்கத்துக்கு வாங்குகிறவர்கள் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

தீபாவளி முற்பணம் கிடைத்ததும் பாக்கியைத் தீர்க்கிற வழக்கமும் அப்படியேதான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக் கணக்கை அங்கிருந்தே கட்டுவது இப்போது கூடியிருக்கிறது. அவர்கள் வங்கியில் போட்டுவிட்டு, பெற்றோரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் செய்தியில் அனுப்பினால் போதும். அன்றைக்கே கொப்பியில் வரவு வைக்கிறோம். வங்கிக் கணக்கும் தொலைபேசி எண்ணும் உங்கள் பில்லில் இருப்பவைதான், மாறவில்லை.

இந்தக் கொப்பியை நான் வெறும் கடன் கணக்காகப் பார்ப்பதில்லை. 2022ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பால்மா இல்லை, கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மா விலை ஒரு கிழமைக்கு ஒன்றாக இருந்தது. வந்த பால்மாவைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துக் கொடுத்தோம். அந்த நேரத்தில், கையில் இருந்ததைக் கொண்டுவந்து, “முதலாளி, இதை வச்சுக்குங்க, சாமான் எடுக்கப் பணம் வேணும்ல” என்று பழைய பாக்கியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியவர்கள் நீங்கள். அந்தப் பணத்தை வைத்துத்தான் புறக்கோட்டைக்குப் போய்த் திரும்பச் சாமான் ஏற்ற முடிந்தது. கடை நின்றது உங்களால். அடுத்த கடை திறப்பதும் உங்களால்தான். இதை வாய் வார்த்தைக்காக எழுதவில்லை.

அப்புறம் விலை. அட்டனில் என்ன விலையோ அதே விலைதான் தலவாக்கலையிலும். கொழும்பிலிருந்து வரும் லொறி அட்டனைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும். அந்தச் செலவு எங்களுடையது. அரிசி, பருப்பு, சீனி, மா விலைகளைத் தினமும் காலையில் வாசல் பலகையில் எழுதி வைப்போம். இரண்டு பலகையிலும் வேறு வேறு விலை கண்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள். தராசுகள் முத்திரை குத்தியவை, முத்திரை தெரியும்படி வாங்குகிறவர் பக்கம் திருப்பியே வைத்திருக்கிறோம்.

கொழுந்து எடுப்பவர்களுக்கான படங்கு, கூடைக் கயிறு, பூட்ஸ், கவ்வாத்துக் கத்தி ஆகியவையும் அங்கே கிடைக்கும். பாடசாலைக் கொப்பிகள் டிசம்பரில் வரும். கேஸ் சிலிண்டர் மட்டும் இப்போதைக்கு அட்டனில்தான்.

ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை, அக்கரப்பத்தனைப் பாதையில் நமது சிறிய லொறி போகும். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களின் மூட்டைகளைத் தோட்டச் சந்தி வரை கட்டணமில்லாமல் இறக்கிக் கொடுப்போம். லயத்து வாசல் வரை வருவதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பல டிவிசன் பாதைகளில் மழைக்கு லொறி ஏறாது. முடியாததை வாக்குக் கொடுக்கக் கூடாது.

வரும்போது உங்கள் பையைக் கொண்டு வாருங்கள். ஷொப்பிங் பை இப்போது சும்மா கொடுப்பதற்கில்லை, பில்லில் சேர்க்க வேண்டும். திறப்பு நாளில் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துணிப் பை தருகிறோம். அன்று மட்டும் அரிசிக்கும் மாவுக்கும் நூற்றுக்கு ஐந்து கழிவு உண்டு, இரண்டு கடையிலும். அட்டன் வாடிக்கையாளர்கள் கழிவுக்காகப் பஸ் ஏற வேண்டாம். ஆனால் பால் சோறு சாப்பிட வருவதாக இருந்தால் சந்தோஷம்.

இந்தத் தாளின் மறுபக்கத்தில் இதே செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தோட்ட அலுவலகங்களுக்கும் அதைக் காட்டலாம். சிங்களத்தில் இரண்டு கடை வாசலிலும் ஒட்டியிருக்கிறோம். எழுத்து வாசிக்க வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கொப்பியைப் பற்றிய பகுதியை மட்டுமாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தலவாக்கலைக் கடை தினமும் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். போயா தினங்களில் பகல் ஒரு மணியோடு மூடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
ப. செல்வராஜ்
உரிமையாளர், மலைத்தென்றல் ஸ்டோர்ஸ்
அட்டன், தலவாக்கலை

பி.கு.: கொப்பி மாற்றுவதற்கு ஆகஸ்ட் 11 முதல் 20 வரை அட்டன் கடையில் தனி மேசை போட்டிருக்கும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு 8 மணி வரை ஆள் இருப்பார்.