தக்காளிக் கும்மி

கூடிநின்று கைகொட்ட வாருங்கள், அக்காமாரே,
கூடை சுமந்து சந்தைக்குப் போன கதையைக் கேளுங்கள்!
நாம் நட்டு, நீர் பாய்ச்சி, முதுகொடியப் பறித்த தக்காளியைப்
பாலக்கோட்டு மண்டியில் கிலோ 8 ரூபாய்க்குக் கேட்டார்கள்;
காய்ப்பு ஓய்ந்த மறுமாதம் கடைக்குப் போனால், அதன் தங்கை
80 ரூபாய் கேட்டுத் தட்டில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறாள்.

தொப்பூர்க் கணவாயில் லாரிக்கு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில்லை,
தில்லாலே, விலைவாசிக்கோ ஏற்றத்தில் பிரேக்கே கிடையாது!

பென்னாகரத்துப் புளியை மாமியார் நகைத் தராசில் நிறுக்கிறார்;
களி கிண்டக் கேழ்வரகு உண்டு, தொட்டுக்கொள்ளத்தான் வழியில்லை.
காவேரிப்பட்டணத்து மாம்பழத்தை மருமகனுக்குக் காட்டிவிட்டு,
கண்பட்டுவிடும் என்று சொல்லி உள்ளே வைத்துவிடுகிறோம்.
(மருமகனும் விவரமானவர், மோந்து பார்த்துவிட்டே போகிறார்.)

தொப்பூர்க் கணவாயில் லாரிக்கு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில்லை,
தில்லாலே, விலைவாசிக்கோ ஏற்றத்தில் பிரேக்கே கிடையாது!

விலை குறைந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்ன ஐயா,
அது எந்தக் கடை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்;
மொரப்பூரில் ரயிலேறியாவது போய் வாங்கி வருகிறோம்,
டிக்கெட் விலையை மட்டும் அதற்குள் ஏற்றிவிடாதீர்கள்!

தொப்பூர்க் கணவாயில் லாரிக்கு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில்லை,
தில்லாலே, விலைவாசிக்கோ ஏற்றத்தில் பிரேக்கே கிடையாது!